கொடுத்தது ஐந்து இலட்சம், கழிவது எவ்வளவு?

கேள்வி: நான் கொழும்பில் தனியார் கம்பனியொன்றில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 300,000 ரூபாய். வரியைக் கம்பனியே பிடித்துக்கொள்கிறது. மனைவி 250,000 ரூபாய் உழைக்கிறார். 2025/26 வரி ஆண்டில் நான் கொடுத்த நன்கொடைகள் இவை: வரித் திணைக்கள அங்கீகாரம் பெற்ற முதியோர் இல்லத்துக்கு 90,000 ரூபாய் (60,000க்கு ஒரு பற்றுச்சீட்டு, அப்பாவின் திவசத்துக்குக் கொடுத்த 30,000க்கு இன்னொன்று, அது அப்பாவின் பெயரில்), அதே இல்லத்துக்கு 40,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, மட்டக்களப்பில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு 50,000, கொழும்பு அரச வைத்தியசாலை விடுதிக்கு 240,000 ரூபாய் பெறுமதியான மொனிற்றர், ஊர்க் கோயில் திருப்பணிக்கு 100,000. எல்லாமாக 520,000. இவ்வளவு கொடுத்த பிறகும் நான் வரி கட்டத்தான் வேண்டுமா? பிடித்த வரியைத் திருப்பி எடுக்கலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் பிடித்த வரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். கணக்கைக் கீழே தருகிறேன். அதற்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நன்கொடை கழிவது உங்கள் வருமானத்திலிருந்து, வரியிலிருந்து அல்ல. 75,000 ரூபாய் கழிவு கிடைத்தால் வரி 75,000 குறையாது. அந்த 75,000க்கு உங்கள் வரிப்படியில் எவ்வளவு வரி வந்திருக்குமோ அந்தத் தொகைதான் குறையும். மிக உயர்ந்த 36 வீதப் படியில் இருப்பவருக்குக்கூட அது 27,000 ரூபாய்தான்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இந்தக் கழிவுகள் வருகின்றன. அங்கே நன்கொடைகள் இரண்டு வகை. இரண்டையும் பிரிப்பது உங்கள் நோக்கமோ தொகையோ அல்ல, வாங்குபவர் யார் என்பதுதான்.

முதல் வகை, அங்கீகாரம் பெற்ற தருமநிலையத்துக்குக் கொடுப்பது. நோயாளரையோ வறியோரையோ ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கும் நிலையமாக அது இருக்க வேண்டும். முதியோர் இல்லம், அநாதைச் சிறுவர் இல்லம், நோயாளர் காப்பகம் போன்றவை. நன்கொடை பணமாக மட்டுமே இருக்க வேண்டும். தனிநபர் ஒருவருக்குக் கழிவது ஆண்டுக்கு 75,000 ரூபாய், அல்லது வரி விதிக்கத்தக்க வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. கம்பனி கொடுத்தால் 500,000 ரூபாய் அல்லது ஐந்தில் ஒரு பங்கு, அங்கேயும் குறைந்ததுதான்.

இரண்டாம் வகை, அரசாங்கத்துக்கும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பொது நிறுவனங்களுக்கும் கொடுப்பது. இலங்கை அரசாங்கம், மாநகர சபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்கள், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வரும் பல்கலைக்கழகங்கள், அரசாங்கம் நிறுவிய நிதியங்கள் எல்லாம் இதில் அடங்கும். இந்த வகைக்கு 75,000 என்ற வரம்பும் இல்லை, மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பும் இல்லை. பணமாகவோ பொருளாகவோ கொடுக்கலாம். முழுப் பெறுமதியும் கழியும்.

இந்த இரண்டிலும் சேராத நன்கொடைக்கு, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கழிவு பூச்சியம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். முதலில் முதியோர் இல்லம். 60,000 ரூபாயில் சிக்கல் இல்லை. சிக்கல் மற்ற 30,000 ரூபாயில். திவசம், நினைவு தினம், பிறந்தநாள் என்று அன்னதானத்துக்குப் பணம் கட்டும்போது, இல்லத்தின் அலுவலகத்தில் யார் நினைவாக என்று கேட்டு அந்தப் பெயரையே பற்றுச்சீட்டில் எழுதிவிடுவது கொழும்பில் மிகச் சாதாரணம். காலமான ஒருவரின் பெயரில் உள்ள சீட்டை உங்கள் வரி விபரத்திரட்டில் காட்ட முடியாது. பணம் கொடுத்தவர் நீங்கள் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு சான்றும் இல்லை. இல்லத்துக்குப் போய், பழைய சீட்டை ஒப்படைத்து, உங்கள் பெயரில் புதிய சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். அப்பாவின் பெயர் குறிப்பாக, “நினைவாக” என்று கீழே இருக்கட்டும். புதிய சீட்டில் பணம் கொடுத்த பழைய திகதியே இருக்க வேண்டும். இரத்துச் செய்த சீட்டின் இலக்கத்தையும் அதில் எழுதுவித்தால் நல்லது. இல்லத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரே பணத்துக்கு இரண்டு சீட்டு இருப்பது போலத் தோன்றினால், பின்னால் கேள்வி வருவது உங்களுக்கு. வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அந்தக் கூற்றையும் சேர்த்து வையுங்கள்.

சீட்டைத் திருத்தினால் இல்லத்துக்குக் கொடுத்தது 90,000 ரூபாயாக நிற்கும், அதில் 75,000 கழியும். திருத்தாவிட்டால் 60,000 மட்டும். அதாவது அந்தத் திருத்தம் உங்களுக்கு 30,000 ரூபாய்க் கழிவைத் தரப்போவதில்லை, 15,000 ரூபாய்க் கழிவைத்தான் தரும். அலைச்சலுக்குத் தகுமா என்பதைக் கீழே வரும் கணக்கைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

மூன்றில் ஒரு பங்கு என்ற நிபந்தனை உங்களைத் தொடாது. அது குறைந்த சம்பளக்காரரைத்தான் பிடிக்கும். வரி விதிக்கத்தக்க வருமானம் 225,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு 75,000ஐ விடக் குறையும். மாதம் 160,000 உழைக்கும் ஒருவரை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,920,000, தனிநபர் நிவாரணம் 1,800,000 போக மிஞ்சுவது 120,000. அவர் 75,000 கொடுத்தாலும் கழிவது 40,000தான். அவர் 6 வீதப் படியில் இருப்பதால் வரியில் குறைவது 2,400 ரூபாய்.

அரிசி, பருப்புக்கு வருவோம். 40,000 ரூபாய்ப் பொருளும் அதே அங்கீகாரம் பெற்ற இல்லத்துக்குத்தான் போனது, ஆனாலும் கழிவு இல்லை. தருமநிலையத்துக்குப் பணம் மட்டும் என்பது சட்டத்தின் சொல். கடை பில் உங்கள் பெயரில் இருந்தாலும், “பொருள்கள் கிடைத்தன” என்று இல்லம் கடிதம் தந்தாலும் நிலைமை மாறாது. மளிகைச் சாமானை நீங்கள் வாங்கி இறக்குவதற்குப் பதிலாக அந்தப் பணத்தை இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அவர்களையே வாங்கச் சொல்லியிருந்தால் அது பண நன்கொடையாகியிருக்கும். எந்த நாளில் எந்த நேரச் சாப்பாடு என்பதையும் அவர்களே ஒழுங்கு செய்திருப்பார்கள்.

இங்கே மனைவியின் பக்கம் கொஞ்சம் பார்க்க வேண்டும். நமது வரிச் சட்டம் கணவனையும் மனைவியையும் தனித்தனி வரி செலுத்துநராகவே பார்க்கிறது. ஆகவே 75,000 ரூபாய் வரம்பும் ஆளுக்கொன்று. உங்கள் வரம்பைத் தாண்டிய 15,000, பொருளாகப் போன 40,000, ஆக 55,000 ரூபாயை மனைவி தன் கணக்கிலிருந்து தன் பெயரில் பணமாகக் கொடுத்திருந்தால் அவருக்கு அது முழுவதும் கழிந்திருக்கும். அவருடைய சம்பளப்படி வரி விதிக்கத்தக்க வருமானம் 1,200,000. அதில் முதல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 18 வீதம். எனவே 9,900 ரூபாய் மிஞ்சியிருக்கும். முடிந்த ஆண்டுக்கு இப்போது எதையும் செய்ய முடியாது. நீங்கள் கொடுத்ததற்கு மனைவியின் பெயரில் சீட்டு வாங்குவது திருத்தம் அல்ல, பொய். ஆனால் அடுத்த திவசத்துக்கு இது உதவும். அப்போதும் “திரு., திருமதி” என்று இருவர் பெயரையும் ஒரே சீட்டில் போடாமல் இரண்டு சீட்டாக வாங்குங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விளக்கம் பிறகு தேவைப்படாது.

மட்டக்களப்புச் சிறுவர் இல்லம் முழுக் கேள்விக்குறி. அங்கே நடப்பது சட்டம் சொல்லும் பராமரிப்புத்தான். ஆனாலும் வரிச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் கேள்வி. மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு, அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவு, கம்பனிப் பதிவு ஆகியவை இல்லத்தை நடத்துவதற்கான அனுமதிகள். அவற்றின் இலக்கம் பற்றுச்சீட்டின் தலைப்பில் பெரிய எழுத்தில் இருக்கலாம், அது வரிக் கழிவுக்கு உதவாது. இல்லத்திடம் நேராகக் கேளுங்கள்: உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தின்படி உங்களுக்கு அங்கீகாரம் உண்டா, இருந்தால் அந்தக் கடிதத்தின் அல்லது வர்த்தமானி அறிவித்தலின் இலக்கமும் திகதியும் என்ன? சொல்லும் பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அங்கீகாரம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்க, சீட்டு வேறொரு சங்கத்தின் பெயரில் வருவது உண்டு. சந்தேகமிருந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

ஆனால் உங்கள் விடயத்தில் இந்த விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை. சிறுவர் இல்லம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தாலும் அந்த 50,000 அதே 75,000 ரூபாய் வரம்புக்குள்தான் வரும், அதை முதியோர் இல்லமே நிரப்பிவிட்டது. பல இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 75,000 கிடைக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை, ஆண்டுக்கு ஆளுக்கு மொத்தமாக ஒரே வரம்புதான். ஒருவேளை அப்பாவின் பெயரில் உள்ள சீட்டைத் திருத்த முடியாமற்போனால் மட்டும், மீதி 15,000 ரூபாய் இடத்தை நிரப்ப இந்தச் சிறுவர் இல்லச் சீட்டு கைகொடுக்கும், அங்கீகாரம் இருந்தால்.

கோயில் திருப்பணிக்குக் கழிவு இல்லை. கோயில், தேவாலயம், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கோயில் நிருவாகம் நடத்தும் முதியோர் இல்லம் தனியாக அங்கீகாரம் பெற்றிருந்தால், அந்த இல்லத்தின் பெயரில் வரும் சீட்டு செல்லும். கும்பாபிஷேகச் சீட்டு செல்லாது. பழைய மாணவர் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இந்தப் பட்டியலில் இல்லை. நிதி சேர்க்கும் இராப்போசன விருந்துக்கு வாங்கிய டிக்கெட்டையும் நன்கொடை என்று காட்டாதீர்கள், அதற்கு நீங்கள் சாப்பாடு பெற்றுவிட்டீர்கள்.

உங்கள் பட்டியலில் கனமானது மொனிற்றர்தான். அரச வைத்தியசாலைக்குக் கொடுத்தது அரசாங்கத்துக்குக் கொடுத்ததாகும். பொருளாக இருந்தாலும் 240,000 முழுவதும் கழியும். ஆனால் நன்கொடை பெரிதாக இருக்கும்போது கடதாசியும் சரியாக இருக்க வேண்டும். விடுதித் தாதியோ மருத்துவரோ தந்த நன்றிக் கடிதம் போதாது. வைத்தியசாலைப் பணிப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம் வேண்டும். அதில் உங்கள் முழுப் பெயர், பொருளின் பெயர், மொடல், தொடரிலக்கம், பொறுப்பேற்ற திகதி, வைத்தியசாலையின் பொருட்பதிவேட்டில் அது பதியப்பட்டது என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். வைத்தியசாலைக் கடிதங்கள் பெரும்பாலும் பெறுமதியைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது நீங்கள் வாங்கிய கம்பனியின் விலைப்பட்டியல். விலைப்பட்டியலிலும் கடிதத்திலும் ஒரே தொடரிலக்கம் இருந்தால்தான் இரண்டும் ஒரே கருவியைப் பற்றியவை என்று நிறுவலாம். விலைப்பட்டியல் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். வைத்தியசாலையின் பெயரிலேயே விலைப்பட்டியல் எழுதப்பட்டிருந்தால், கம்பனியிடம் பணம் பெற்ற பற்றுச்சீட்டையாவது உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள்.

வழுக்குகிற இடம் ஒன்றும் இங்கே உண்டு. பல வைத்தியசாலைகளில் நலன்புரிச் சங்கமோ அபிவிருத்திக் குழுவோ இருக்கும். நன்கொடையை அவர்கள் வாங்கி, தங்கள் கடிதத்தாளில் சீட்டுத் தந்திருந்தால், பொருள் விடுதியில் இருந்தாலும் நீங்கள் கொடுத்தது சங்கத்துக்கு. சங்கம் அரசாங்கம் அல்ல. பணமாகக் கொடுப்பவர்கள் அரச காசாளர் எழுதும் பொது 172 பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இனிக் கணக்கு. உங்கள் ஆண்டுச் சம்பளம் 3,600,000. தனிநபர் நிவாரணம் 1,800,000 போக, வரி விதிக்கத்தக்கது 1,800,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000, அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18 வீதப்படி 90,000, மிஞ்சிய மூன்று இலட்சத்துக்கு 24 வீதப்படி 72,000. மொத்தம் 222,000, அதாவது மாதம் 18,500. உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் கம்பனி வரி பிடிக்கும்போது தனிநபர் நிவாரணத்தை மட்டுமே கவனிக்கும். நன்கொடையை அங்கே காட்ட இடமில்லை.

நன்கொடையில் கழிவது மொனிற்றர் 240,000, முதியோர் இல்லம் 75,000, கூட்டினால் 315,000. 1,800,000இலிருந்து கழித்தால் 1,485,000. அதற்கு வரி 60,000உம், 485,000க்கு 18 வீதப்படி 87,300உம். மொத்தம் 147,300. கம்பனி பிடித்தது 222,000. வித்தியாசம் 74,700 ரூபாய், அதுதான் நீங்கள் கேட்கக்கூடியது. திவசச் சீட்டைத் திருத்தாமல் விட்டால் கழிவு 300,000 ஆகி, திரும்புவது 72,000 ஆகும். ஆக அந்தச் சீட்டின் விலை 2,700 ரூபாய். இல்லம் பக்கத்தில் இருந்தால் போய் வாருங்கள்.

ஆனால் 74,700 அப்படியே கைக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். திரும்பக் கேட்க வேண்டுமானால் விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டும், அதில் எல்லா வருமானத்தையும் காட்ட வேண்டும். நிலையான வைப்பு இருந்தால் அதன் வட்டியும் வரும். வங்கி வட்டியில் 10 வீதம் பிடித்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்பது பலருடைய எண்ணம். உங்களுக்கு ஆண்டில் 100,000 ரூபாய் வட்டி வந்ததாக வைத்துக்கொள்வோம். நன்கொடை போக நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 18 வீதப் படியில் 15,000 ரூபாய்க்குத்தான் இடம் மிச்சம். அதற்கு 2,700, மற்ற 85,000க்கு 24 வீதப்படி 20,400. மொத்தம் 23,100. வங்கி ஏற்கனவே பிடித்தது 10,000. மீதி 13,100 உங்கள் திருப்பிப் பெறும் தொகையிலிருந்து போய், 61,600 மிஞ்சும். வட்டியை மறைத்துவிட்டு நன்கொடையை மட்டும் காட்டுவது புத்தியல்ல, பிடித்த வரியை வங்கி திணைக்களத்துக்கு அறிவித்திருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். கம்பனியிடம் டி-10 சான்றிதழை வாங்குங்கள், ஆண்டு முழுவதும் பிடித்த வரி அதில் இருக்கும். வங்கியிடம் வட்டிக்கும் பிடித்த வரிக்கும் சான்றிதழ் கேளுங்கள். பிறகு www.ird.gov.lk தளத்தில் இலத்திரனியல் சேவை வழியாக விபரத்திரட்டை நிரப்புங்கள். நன்கொடைகள் தகைமைக் கொடுப்பனவுகளுக்கான பகுதியில் வர வேண்டும், நிவாரணங்களுக்கான இடத்தில் அல்ல. அரசாங்கத்துக்கானதும் தருமநிலையத்துக்கானதும் தனித்தனிப் பதிவுகளாக. இல்லத்துக்கு 90,000 கொடுத்திருந்தாலும் கழிவாகக் கோருவது 75,000 மட்டும். பிடிபட்ட வரிகளை வரவாகக் காட்டி, மேலதிகத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு, உங்கள் வங்கிக் கணக்கைப் பிழையில்லாமல் எழுதுங்கள். 2025/26க்கு விபரத்திரட்டின் கடைசித் திகதி 2026 நவம்பர் 30.

பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். திருப்பிக் கேட்கும் கோரிக்கைகளில் அதிகாரி அவற்றைக் காட்டச் சொல்வார். நிலையத்தின் பெயர், முகவரி, சீட்டு இலக்கம், திகதி, வரிப் பதிவில் உள்ளபடி உங்கள் பெயர், எண்ணிலும் எழுத்திலும் தொகை, காசா காசோலையா வங்கிப் பரிமாற்றமா என்பது, கையொப்பம், முத்திரை என்பன ஒவ்வொரு சீட்டிலும் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பத்தால் அச்சாகும் சீட்டுகள் சில மாதங்களில் வெளிறிவிடும், அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். குறைந்தது ஐந்து வருடம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் பேணுங்கள்.

திகதி பற்றியும் ஒரு சொல். வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடியும். மார்ச் 30 அன்று கையில் கொடுத்தாலும், ஏப்ரல் 5 என்று திகதியிட்ட காசோலை அடுத்த ஆண்டுக்குரியது. முதியோர் இல்லத்துக்கு ஒரே ஆண்டில் 150,000 கொடுக்க நினைப்பவர், 75,000ஐ மார்ச்சிலும் மற்ற 75,000ஐ ஏப்ரலிலும் கொடுத்தால் இரண்டும் தனித்தனி ஆண்டு வரம்புக்குள் முழுதாக அடங்கும்.